இடப்பக்கப் பிக்சலைக் கழித்தால் என்ட்ரோபி ஏன் குறைகிறது, சில நேரம் ஏன் ஏறுகிறது?

கேள்வி: "ஒரு கிரேஸ்கேல் புகைப்படத்தில் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் அதே வரிசையில் இடப்பக்கம் உள்ள பிக்சலைக் கழித்தேன். ஹிஸ்டோகிராமிலிருந்து கணக்கிட்ட என்ட்ரோபி 7.4 பிட்டிலிருந்து 4.6 பிட்டுக்கு இறங்கியது. ஆனால் திரும்பக் கூட்டினால் பழைய படம் அப்படியே வந்துவிடுகிறது. தகவல் எதுவும் போகவில்லை என்றால் என்ட்ரோபி எப்படிக் குறைந்தது? புள்ளிப் புள்ளியாக அச்சிடும் கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றில் இதையே செய்தபோது 0.98 பிட் 1.49 ஆக ஏறிவிட்டது. அது ஏன்?"

உங்கள் இரண்டு எண்களும் சரியானவையாகத்தான் தெரிகின்றன. சிக்கல் கணக்கில் இல்லை, முதலில் கிடைத்த 7.4-ஐ நீங்கள் எதுவாக எடுத்துக்கொண்டீர்கள் என்பதில் இருக்கிறது. அதைப் படத்தில் உள்ள தகவலின் அளவாக எடுத்துக்கொண்டால் முரண்பாடு வந்தே தீரும். அது அந்த அளவு அல்ல. "ஒரு பிக்சல் பக்கத்துப் பிக்சலைப் பற்றி எதுவும் சொல்லாது" என்று வைத்துக்கொண்டு படத்தைக் குறியிட்டால் பிக்சலுக்கு எத்தனை பிட் செலவாகும் என்பதே 7.4. புகைப்படத்தில் அந்த அனுமானம் பொய். பொய்யான அனுமானத்தின் விலையைத்தான் அந்த எண் சொல்கிறது.

இதை நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். படத்தின் எல்லாப் பிக்சல்களையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு, அதே நீள அகலத்தில் மறுபடி அடுக்குங்கள். கண்ணுக்கு வெறும் இரைச்சல்தான் தெரியும். ஆனால் ஹிஸ்டோகிராம் துளியும் மாறாது, 7.4 அப்படியே 7.4 ஆக நிற்கும். ஹிஸ்டோகிராமுக்கு எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்று மட்டுமே தெரியும், எங்கே வந்தது என்று தெரியாது. கலைத்த படத்தில் இடப்பக்கப் பிக்சலைக் கழித்தால் என்ட்ரோபி குறையாது, பெரும்பாலும் ஏறும். மூலப்படத்தில் குறைந்ததற்கும் கலைத்த படத்தில் ஏறியதற்கும் காரணம் ஒன்றுதான்: பிக்சல்களுக்கு இடையே உறவு இருக்கிறதா இல்லையா என்பது. கழித்தல் அந்த உறவை எடுத்து, ஹிஸ்டோகிராமின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான்.

```python
import numpy as np

def H(v):
    _, n = np.unique(v, return_counts=True)
    p = n / n.sum()
    return -(p * np.log2(p)).sum()

x = img.astype(np.int32)
e = x[:, 1:] - x[:, :-1]
s = np.random.permutation(x.ravel()).reshape(x.shape)
print(H(x), H(e))
print(H(s), H(s[:, 1:] - s[:, :-1]))
```

`astype(np.int32)` என்ற மாற்றத்தை விட்டுவிடாதீர்கள். 8 பிட் குறியற்ற எண்ணாகவே கழித்தால் −1 என்பது 255 ஆகச் சுற்றிவிடும். அப்போது ஹிஸ்டோகிராமின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கூம்பு தெரியும், "வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது" என்று குழம்புவீர்கள். உண்மையில் அது நடுவில் வெட்டி இரு பக்கமும் ஒட்டிய ஒரே கூம்பு. இந்தச் சுற்றலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது தவறான செயலே அல்ல.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் பிக்சல் 100. அதற்குப் பின் வரும் 16 பிக்சல்கள்: 101, 102, 102, 104, 105, 104, 105, 105, 106, 107, 107, 108, 110, 109, 110, 110. மெல்ல வெளுத்துக்கொண்டே போகும் ஒரு சுவரில் நடுநடுவே சின்னத் தடுமாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 16-இல் ஒன்பது வெவ்வேறு மதிப்புகள் இருக்கின்றன. 105, 110 இரண்டும் மூன்று முறை வருகின்றன. 102, 104, 107 மூன்றும் இரண்டு முறை. மீதி நான்கும் ஒரே முறை. ஒவ்வொன்றின் நிகழ்தகவையும் p என்று கொண்டு −p log2 p போட்டுக் கூட்டினால் பிக்சலுக்கு ஏறக்குறைய 3.03 பிட் வரும். 16 பிக்சலுக்கு 48 பிட்டைச் சற்றுத் தாண்டும்.

இப்போது ஒவ்வொன்றிலிருந்தும் அதன் இடப்பக்கத்தைக் கழியுங்கள்: 1, 1, 0, 2, 1, −1, 1, 0, 1, 1, 0, 1, 2, −1, 1, 0. ஒன்பது மதிப்புகள் நான்காகச் சுருங்கிவிட்டன. 1 எட்டு முறை, 0 நான்கு முறை, 2 இரண்டு முறை, −1 இரண்டு முறை. நிகழ்தகவுகள் 1/2, 1/4, 1/8, 1/8. என்ட்ரோபி சரியாக 1.75 பிட். வசதிக்காகவே இப்படி எண்களைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் இங்கே ஹஃப்மன் குறியீடு என்ட்ரோபியை மிச்சமில்லாமல் எட்டிவிடும்: 1-க்கு `0`, 0-க்கு `10`, 2-க்கு `110`, −1-க்கு `111`. மொத்தம் 8 + 8 + 6 + 6, அதாவது 28 பிட். முதல் பிக்சல் 100-ஐ நேரடியாக அனுப்ப 8 பிட் சேர்த்தால் 36. பெறுபவர் 100-இல் தொடங்கி இந்த வித்தியாசங்களை, அதாவது ஊகத்தின் பிழைகளை, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் வரிசை முழுவதும் மாறாமல் கிடைத்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 16 எண்களை மட்டும் வைத்துக் கணக்கிட்ட என்ட்ரோபியை யாரும் பெரிதாக நம்பக் கூடாது. மாதிரி சிறியதாக இருந்தால் ஹிஸ்டோகிராமிலிருந்து வரும் மதிப்பு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அதோடு எந்த மதிப்புக்கு எந்தக் குறியீடு என்ற அட்டவணையையும் பெறுபவருக்குச் சொல்லியாக வேண்டும், அந்தச் செலவை நான் சேர்க்கவில்லை. முழுப் படத்தில் இந்தக் கவலைகள் கரைந்துவிடும். லட்சக்கணக்கான பிக்சல்களுக்கு ஓர் அட்டவணை என்றால் செலவு கண்ணுக்கே தெரியாது.

முழுப் படத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகவே தெரியும். ஒரு வரிசையின் சிறு துண்டில் மதிப்புகள் 100 முதல் 110 வரைதான் இருந்தன. வேறு இடத்தில் வானம் 220 அருகே இருக்கும், நிழல் 30 அருகே இருக்கும். எல்லாம் சேர்ந்த மூல ஹிஸ்டோகிராம் 0 முதல் 255 வரை பரந்து கிடக்கும். ஆனால் வானத்திலும் நிழலிலும் சுவரிலும் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலான வித்தியாசம் ஒரே மாதிரி 0-ஐ ஒட்டியே இருக்கும். மூலத்தில் தனித்தனி இடங்களில் குவிந்தவை எல்லாம் பிழையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. 0-இல் உயரமான கூம்பும் இருபுறமும் மெலிந்து நீளும் வாலுமாகப் பிழை ஹிஸ்டோகிராம் இருப்பது இதனால்தான். வால் பகுதி பெரும்பாலும் விளிம்புகளிலிருந்து வருவது.

சரி, தகவல் எங்கே போனது என்ற கேள்விக்கு வருவோம். எங்கும் போகவில்லை. இடப்பக்கப் பிக்சலை L என்றும் இப்போதைய பிக்சலை X என்றும் வைப்போம், e = X − L. L ஏற்கெனவே தெரிந்த நிலையில் X-க்கும் e-க்கும் இடையே ஒன்றுக்கு ஒன்று என்ற தொடர்பு இருக்கிறது. ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும். ஆகவே, L தெரிந்த பின் மிஞ்சும் என்ட்ரோபியைப் பார்த்தால், H(e | L) = H(X | L). நீங்கள் சொன்ன "தகவல் போகவில்லை" என்பதன் சரியான வடிவம் இதுதான், இது எந்தப் படத்துக்கும் பொருந்தும். ஆனால் நீங்கள் அளந்தது நிபந்தனை இல்லாத H(X)-ஐயும் H(e)-ஐயும். நிபந்தனையை நீக்கினால் என்ட்ரோபி குறையாது, எனவே H(X) ≥ H(X | L), H(e) ≥ H(X | L). இரண்டும் ஒரே தரைக்கு மேலே நிற்கும் எண்கள். புகைப்படத்தில் H(X) தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கிறது. H(e) தரையை ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. தரை அசையவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: H(X)-க்கும் H(e)-க்கும் நடுவே எந்தச் சமனின்மையும் எழுத முடியாது. எது பெரிது என்று கணிதம் எந்த உத்தரவாதமும் தரவில்லை. உங்கள் இரண்டாவது படம் இந்த இடைவெளியில்தான் சிக்கியது.

அந்தத் தரை எவ்வளவு என்று அளந்தும் பார்க்கலாம். பிக்சலையும் அதன் இடப்பக்கத்தையும் இணையாகச் சேர்த்து ஹிஸ்டோகிராம் போட்டு, இணையின் என்ட்ரோபியிலிருந்து இடப்பக்கத்தின் என்ட்ரோபியைக் கழித்தால் போதும்:

```python
pair = x[:, 1:] * 256 + x[:, :-1]
print(H(pair) - H(x[:, :-1]))
```

இணைகளுக்கு 65,536 பெட்டிகள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். சின்னப் படத்தில் பல பெட்டிகள் காலியாகவோ ஒன்றிரண்டு எண்ணிக்கையுடனோ இருக்கும், விடை உண்மையைவிடத் தாழ்வாக வரும். சில மில்லியன் பிக்சல் உள்ள படமென்றால் ஓரளவு நம்பலாம். அப்படி அளந்து வரும் எண் உங்கள் 4.6-க்கு அருகில் இருந்தால், இடப்பக்கப் பிக்சல் ஒன்றை மட்டும் வைத்துச் செய்யக்கூடியதை எளிய கழித்தலே செய்து முடித்துவிட்டது என்று பொருள். மேலே உள்ள வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் தரை இன்னும் கீழே போகும், அது வேறு தரை.

கழித்தல் எப்போது லாபம் தரும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பிக்சல்களின் மாறுபாடு σ² என்றும் பக்கத்துப் பிக்சல்களின் ஒட்டுறவுக் கெழு ρ என்றும் கொண்டால், வித்தியாசத்தின் மாறுபாடு 2σ²(1 − ρ). ρ = 0.95 என்றால் இது 0.1σ², திட்ட விலக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்குகிறது. ஹிஸ்டோகிராமின் வடிவம் மாறாமல் அகலம் மட்டும் சுருங்கியது என்று வைத்தால் பிக்சலுக்கு 1.66 பிட் மிச்சம். ρ = 0.99 என்றால் 2.82 பிட். உங்களுக்கு இறங்கியது 2.8, ஆகவே உங்கள் படத்தில் ρ அந்த அளவில் இருந்திருக்கலாம். இதைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வடிவம் உண்மையில் மாறுகிறது. பரந்து மேடுபள்ளமாக இருந்தது கூரான கூம்பாகிவிடுகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது சூத்திரத்தின் மறுபக்கம்: ρ = 0.5-இல் மாறுபாடு σ²-ஆகவே நிற்கும், அதற்குக் கீழே போனால் கழித்தல் மாறுபாட்டைப் பெருக்கிவிடும். கலைத்த படத்தில் ρ ஏறக்குறைய 0, அதனால் மாறுபாடு இரட்டிப்பாகிறது.

இந்தச் சிந்தனை புதியது அல்ல. 1952-லேயே பெல் ஆய்வகத்தில் ஹாரிசன் என்பவர் தொலைக்காட்சி சிக்னலில் முன்கணிப்பைச் சோதித்துப் பார்த்தார். ஷானன் 1948-இல் தகவல் கோட்பாட்டைத் தந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அடுத்த புள்ளியை முந்தைய புள்ளிகளிலிருந்து ஊகித்து, ஊகம் தவறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்று புரிந்துவிட்டது.

இப்போது விட்டுவைத்த சுற்றல் விஷயம். பிழை −255 முதல் 255 வரை 511 மதிப்புகளை எடுக்கலாம் என்பதால் 9 பிட் தேவைப்படுமே என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. முன்கணிப்பு 200 என்று தெரிந்துவிட்டால், பிழை −200 முதல் 55 வரை மட்டுமே இருக்க முடியும், அதாவது 256 மதிப்புகள்தான். பெறுபவருக்கும் 200 தெரியும். ஆகவே பிழையை 256-ஆல் வகுத்த மீதியாக அனுப்பினாலும் அவர் குழம்ப மாட்டார். மீதி 255 என்று வந்தால் அது −1 மட்டுமே, +255 ஆக இருந்தால் பிக்சல் 455 ஆகிவிடும், அப்படி ஒரு பிக்சல் கிடையாது. இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கினால் ஹிஸ்டோகிராம் என்ட்ரோபி ஏறவே ஏறாது, கொஞ்சம் குறையலாம். பிஎன்ஜி வடிவம் இதைத்தான் செய்கிறது: கழித்து, 8 பிட்டில் சுற்றவிட்டு, ஒரு பைட்டாகவே வைத்துக்கொள்கிறது.

நடைமுறையில் நான் அடிக்கடி காணும் ஏமாற்றம் வேறொன்று. இடப்பக்கக் கழித்தல் வேலை செய்தது, இனி இன்னும் புத்திசாலியான முன்கணிப்பைப் போட்டால் இன்னும் குறையும் என்று எதிர்பார்த்து, மேல் பிக்சலையும் மூலைப் பிக்சலையும் சேர்ப்பார்கள். இடப்பக்கம் a, மேலே b, மேல் இடது மூலை c என்றால் a + b − c என்பது அழகான ஊகம். பிக்சல் மதிப்புகள் ஒரு சாய்ந்த தளம் போலச் சீராக ஏறினால் பிழை சரியாக 0 வரும். ஆனால் கேமராவில் இருட்டில் எடுத்த படத்தில் இதைப் போட்டால் என்ட்ரோபி குறைவதற்குப் பதில் ஏறி நிற்கும். காரணம் சென்சார் இரைச்சல். ஒவ்வொரு பிக்சலிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரைச்சல் இருக்கிறது, கழிக்கும்போதும் கூட்டும்போதும் அவற்றின் மாறுபாடுகள் கூடவே செய்யும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது.

தட்டையான ஒரு பகுதி, அதில் σ = 2 அளவு காஸியன் இரைச்சல் மட்டும் என்று வையுங்கள். காஸியனுக்கு என்ட்ரோபி ஏறக்குறைய 2.05 + log2 σ, அதாவது 3.05 பிட். அந்தப் பகுதியின் சராசரியை யாராவது நமக்குச் சொல்லிவிட்டாலும் இதற்குக் கீழே போக முடியாது, இதுதான் இரைச்சலின் தரை. இடப்பக்கத்தைக் கழித்தால் இரண்டு பிக்சலின் இரைச்சலும் சேர்கிறது, மாறுபாடு இரட்டிக்கிறது, அரை பிட் கூடி 3.55 ஆகிறது. a, b இரண்டின் சராசரியை ஊகமாக வைத்தால் மாறுபாடு ஒன்றரை மடங்கு மட்டுமே, சுமார் 3.34 பிட். a + b − c போட்டால் நான்கு பிக்சலின் இரைச்சல் முழுதாகச் சேர்ந்து மாறுபாடு நான்கு மடங்கு, முழுசாக ஒரு பிட் கூடி 4.05. தளத்தின் சாய்வைப் பிடிக்கிறேன் என்று போய் இரைச்சலைப் பெருக்கிக்கொள்கிறோம். ஆகவே இரைச்சல் மிகுந்த படத்துக்குச் சராசரி எடுக்கும் ஊகமும், கணினியில் வரைந்த சுத்தமான சாயல்களுக்கு a + b − c-யும் பொருத்தம். உங்கள் படம் எந்த ரகம் என்று தெரிய வேண்டுமானால் தட்டையான ஒரு துண்டை வெட்டி அதன் திட்ட விலக்கத்தைப் பாருங்கள். அது 2 அல்லது 3 என்று வந்தால், உங்கள் 4.6-இல் பெரும்பகுதி இரைச்சலின் விலைதான். எந்த முன்கணிப்பும் அதைத் தொட முடியாது, ஏனென்றால் இரைச்சலை ஊகிக்க எந்த வழியும் இல்லை.

படம் முழுக்க ஒரே ரகமாக இருக்காது என்பதால்தான் பிஎன்ஜி வரிசைக்கு வரிசை வடிகட்டியை, அதாவது கழிக்கும் முறையை, மாற்றிக்கொள்ள விடுகிறது. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு பைட், அதில் 0 முதல் 4 வரை ஓர் எண்: எதுவும் கழிக்காதே, இடப்பக்கம், மேல், இரண்டின் சராசரி, ஆலன் பேத் வகுத்த முறை. கடைசியாகச் சொன்னது a + b − c-ஐக் கணக்கிட்டுவிட்டு, அதை அப்படியே பயன்படுத்தாமல், a, b, c மூன்றில் அதற்கு மிக அருகில் இருப்பதை ஊகமாக எடுக்கும். படத்தைச் சுருக்கும் இன்னொரு முறையான ஜேபெக்-எல்எஸ் வேறு வழியில் போகிறது. c என்பது a, b இரண்டையும்விடப் பெரியது அல்லது சமமென்றால் இரண்டில் சிறியதையும், இரண்டையும்விடச் சிறியது அல்லது சமமென்றால் பெரியதையும், நடுவில் இருந்தால் மட்டும் a + b − c-ஐயும் எடுக்கிறது. செங்குத்து விளிம்பு வந்தால் மேல் பிக்சலையும், கிடை விளிம்பு வந்தால் இடப்பக்கப் பிக்சலையும் எடுக்கும்படி இந்த ஒரே விதி பார்த்துக்கொள்கிறது. சில வரி நிரலுக்கு இவ்வளவு பலன் தரும் விதி இந்தத் துறையில் குறைவு என்பது என் எண்ணம்.

பிஎன்ஜி கோப்பின் அளவை வைத்து என்ட்ரோபியைச் சரிபார்க்க நினைத்தால் ஒரு பொறி இருக்கிறது. வடிகட்டிய பைட்டுகளை அது வெறும் ஹஃப்மனுக்கு மட்டும் கொடுப்பதில்லை, முதலில் திரும்பத் திரும்ப வரும் பைட்டுத் தொடர்களைத் தேடிப் பிடித்துச் சுருக்கும். எனவே பிழை ஹிஸ்டோகிராமின் என்ட்ரோபியும் கோப்பின் அளவும் கைகோத்துப் போக வேண்டிய கட்டாயமில்லை. திரைப்பிடிப்பு ஒன்றில் அதே எழுத்து நூறு இடத்தில் வந்தால், எதுவும் கழிக்காமல் விடுவதே சிறிய கோப்பைத் தரலாம். குறியாக்கிகளில் பல, ஒவ்வொரு வரிசைக்கும் பிழைகளின் குறியை நீக்கிக் கூட்டிய தொகை எந்த வடிகட்டியில் குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கும். புகைப்படத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. வண்ண அட்டவணை உள்ள படங்களில் கழிப்பதே வீண், ஏனென்றால் அங்கே பிக்சலில் இருப்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, அட்டவணையில் எத்தனையாவது வண்ணம் என்ற வரிசை எண். 17-ஆவது வண்ணமும் 18-ஆவது வண்ணமும் பார்வைக்கு நெருங்கியவை என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் உங்கள் கறுப்பு-வெள்ளைப் படம். புள்ளிகளால் சாயலை உண்டாக்கும் அந்த மாதிரிப் படத்தில் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறையத் தொடர்பில்லாமல் இருக்கலாம். 42 சதவீதம் ஒரு நிறம், 58 சதவீதம் இன்னொன்று என்று வைத்தால் என்ட்ரோபி 0.98 பிட். கழித்தால் வருவது மூன்று மதிப்புகள்: 0, 255, −255. தொடர்பே இல்லை என்றால் 255-க்கும் −255-க்கும் நிகழ்தகவு 0.42 × 0.58, அதாவது தலைக்கு 0.2436. மீதி 0.5128 பூஜ்யத்துக்கு. என்ட்ரோபி 1.49 வருகிறது. நீங்கள் கண்ட எண்ணும் இதுவே, ஆகவே உங்கள் படத்தில் இடப்பக்கப் பிக்சல் அனேகமாக எதையும் சொல்லவில்லை. இரண்டு மதிப்பு இருந்த இடத்தில் மூன்றை உண்டாக்கிவிட்டு, "இடப்பக்கம் கறுப்பு என்றால் −255 வரவே முடியாது" என்ற விவரத்தை ஹிஸ்டோகிராமுக்குச் சொல்லாமல் விட்டோம். 256-ஆல் சுற்றினாலும் இது தீராது, 0, 1, 255 என்று மூன்று தனி மதிப்புகள்தான் மிஞ்சும். பிக்சலை 0, 1 என்று மாற்றி, 2-ஆல் வகுத்த மீதியாகக் கழித்தால் மதிப்புகள் மறுபடி இரண்டாகிவிடும், என்ட்ரோபி 1-ஐத் தாண்டாது. ஆனாலும் லாபம் என்று சொல்ல எதுவும் கிடைக்காது.

அப்படிப்பட்ட படத்துக்குக் கழித்தலை விட்டுவிட்டு நிபந்தனை ஹிஸ்டோகிராமுக்குப் போக வேண்டும். சுற்றியுள்ள பிக்சல்கள் எந்தக் கோலத்தில் இருக்கின்றனவோ, அந்தக் கோலத்துக்கென்று தனி ஹிஸ்டோகிராம் வைத்துக்கொண்டு, அந்த நிகழ்தகவை எண்கணிதக் குறியாக்கிக்குக் கொடுப்பது. இரு நிறப் படங்களுக்கான ஜேபிக் இப்படித்தான் இயங்குகிறது. எழுத்துப் பக்கம் ஒன்றை வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து சதவீதம் கறுப்பு, அடுத்தடுத்த பிக்சல் மாறுவது நான்கு சதவீத இடங்களில் மட்டும், அதில் பாதி வெள்ளையிலிருந்து கறுப்புக்கு, பாதி கறுப்பிலிருந்து வெள்ளைக்கு. நேரடி என்ட்ரோபி 0.469 பிட். சாதாரணக் கழித்தல் 0.282 தரும். 2-ஆல் சுற்றினால் 0.242. இடப்பக்கம் கறுப்பா வெள்ளையா என்று பார்த்து இரண்டு ஹிஸ்டோகிராம் வைத்தால் 0.21. புகைப்படத்தில் H(e)-யும் தரையும் நெருங்கி இருக்கும் என்று சொன்னேன், இங்கே அப்படி இல்லை. கறுப்புக்குப் பின் நிறம் மாறும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, வெள்ளைக்குப் பின் மாறும் வாய்ப்பு நூறில் இரண்டு. பிழை இன்னும் இடப்பக்கத்தைச் சார்ந்தே நிற்கிறது. உங்கள் புள்ளிப் படத்துக்கு இடப்பக்கம் ஒன்று போதாது, ஏனென்றால் புள்ளிகளை அடுக்கிய ஒழுங்கு சில பிக்சல் தள்ளித் திரும்ப வரும். முதலில் 0, 1 ஆக மாற்றிக்கொண்டு, k = 2, 4, 8 என்று தள்ளி உள்ள பிக்சலை L ஆக எடுத்து, மேலே தந்த `pair` வரிகள் இரண்டிலும் 1-க்குப் பதில் k போட்டுப் பாருங்கள். எந்தத் தூரத்தில் எண் சட்டென்று 0.98-க்குக் கீழே விழுகிறதோ, அந்தத் தூரத்தில் உள்ள பிக்சலைக் கோலத்தில் சேர்த்தாக வேண்டும். எங்குமே விழவில்லை என்றால் மேல் வரிசைகளில் தேடுங்கள். அங்கும் இல்லை என்றால் அந்தப் புள்ளிகளைச் சீரற்ற முறையில் தூவியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது 0.98-ஐயே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.